கந்தோர் முடிந்த பிறகு வரும் திங்கட்கிழமை: இளைப்பாறியவர்களும் வீட்டாரும் கேட்பவை

36 வருசம் கோட்டையில வேலை. போன மாசம் பென்ஷன் எடுத்திட்டன். காசுக்கு அவதியில்லை, உடம்பும் பரவாயில்லை. ஆனா காலமை பத்து மணியானா எதையோ எங்கையோ விட்டிட்டு வந்த மாதிரிக் கிடக்கு. இது என்ன?

வேலை உங்களுக்குச் சம்பளத்தை மட்டும் தரவில்லை. கேட்காமலே வேறு ஐந்தையும் தந்துகொண்டிருந்தது. நாளைத் துண்டு துண்டாக வெட்டித் தந்தது. வீட்டாரல்லாத ஆட்களின் முகத்தைத் தினமும் காட்டியது. தனியொருவரால் முடியாத காரியத்தில் ஒரு பங்கு தந்தது. ஊரில் ஒரு பெயர் தந்தது. கையையும் மூளையையும் கட்டாயமாக அசைய வைத்தது. இந்த ஐந்தையும் பிரித்துச் சொன்னவர் மரீ யஹோடா என்ற சமூக உளவியலாளர்.

அவர் இதைக் கண்டது ஓய்வூதியர்களிடம் அல்ல. வியன்னாவுக்கு அருகில் மரியென்தால் என்ற ஊரில் நெசவாலை மூடப்பட்டு ஊர் முழுவதும் வேலையிழந்து கிடந்தது. அந்த ஊரைப் பற்றிய ஆய்வை அவரும் கூட இருந்தவர்களும் 1933இல் வெளியிட்டார்கள். அங்கே வாசகசாலையில் இரவல் எடுத்த புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாக விழுந்திருந்தது. வாசிக்க நேரமில்லாத காலத்தில் வாசித்தவர்கள், முழுநாளும் கையில் கிடைத்தபோது வாசிக்கவில்லை. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்து, நின்று நின்று போனார்கள். பெண்கள் அப்படி இல்லை, ஏனென்றால் சமையலும் பிள்ளைகளும் அவர்களுடைய நாளைக் கலையவிடவில்லை.

உங்கள் நிலை அதுவல்ல. மாதம் பிறந்தால் பணம் வருகிறது, யாரும் உங்களைக் குறைவாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஐந்தில் முதல் இரண்டும் அவர்களுக்குப் போனது போலவே உங்களுக்கும் ஒரே நாளில் போய்விட்டன. பத்து மணிக்கு நீங்கள் தேடுவது அவற்றைத்தான்.

தொடக்கத்தில நல்லாத்தானே இருந்தது? ரெண்டு மூண்டு மாசம் சந்தோசமா இருந்திட்டு இப்பதான் சலிக்குது. பென்ஷன் எடுத்தது பிழையோ?

பிழையில்லை. இளைப்பாறியவர்களை ஆராய்ந்த ரொபர்ட் அச்லி என்பவர் 1970களிலேயே இதைக் கவனித்தார். முதலில் தேனிலவு போன்ற ஒரு காலம், பிறகு சலிப்பு, அதற்குப் பிறகு புதிதாக அடுக்கிக்கொள்வது என்பது அவருடைய வரிசை. எல்லோரும் எல்லாப் படியிலும் ஏறுவதில்லை, எத்தனை மாதம் என்றும் கணக்கில்லை.

தேனிலவு ஏன் முடிகிறது என்பது கவனிக்க வேண்டியது. அந்த மாதங்களில் உங்களிடம் தள்ளிப்போட்ட அலுவல்கள் இருந்தன: பல் வைத்தியர், காணி உறுதி, ஊருக்குப் போய் வருவது, சேமலாப நிதிப் படிவங்கள், கூரை ஒழுக்கு. இவை வேலைக்காலத்தின் மிச்சம். அந்தப் பட்டியல் தீர்ந்த கிழமைதான் சலிப்பு தொடங்கும். ஆகவே பட்டியலில் கடைசி இரண்டு அலுவல்கள் மிஞ்சியிருக்கும்போதே அடுத்த கேள்வியில் சொல்வதைத் தொடங்கிவிடுவது நல்லது.

கால அட்டவணை போட்டுச் சுவரில ஒட்டினன். நாலு நாள்தான். பிறகு விட்டுப் போச்சு. என்ன செய்யிறது?

அட்டவணையை மீறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அது விட்டுப்போனதற்குக் காரணம் அதுதான், உங்கள் சோம்பல் அல்ல. கந்தோரில் உங்களை எழுப்பியது மணிக்கூடு இல்லை, எட்டு மணிக்கு உங்களை எதிர்பார்த்திருந்த ஆட்கள்.

முதலில் ஒரு கிழமைக்கு எதையும் மாற்றாமல் குறித்து வையுங்கள். ஒரு கொப்பியில் அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரி, மூன்று நிரல்: நேரம், என்ன செய்தேன், அந்த நேரத்தில் நான் வராவிட்டால் யாருக்கு இடைஞ்சல். மூன்றாவது நிரலுக்காகத்தான் இந்த வேலை முழுவதும்.

ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வயது 60, வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வீடு, கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் இருந்தவர். முன்பு 5 மணிக்கு எழும்பி, 6.50க்கு வெளிக்கிட்டு, ரயிலில் போய், பின்னேரம் ஆறு மணியளவில் வீடு திரும்பியவர். இப்போது அவருடைய கொப்பி சொல்வது இது: 5 மணிக்கு எழும்பல், 8 மணி வரை பேப்பரும் தேத்தண்ணியும், பிறகு தொலைக்காட்சி, 10 முதல் 12 வரை எழுத ஒன்றுமில்லை, 12.30க்குச் சோறு, 1.15 முதல் 3.30 வரை நித்திரை, பின்னேரம் போன், இரவு 11.30க்குப் படுத்தும் நித்திரை இல்லை. மூன்றாம் நிரலில் கிழமை முழுவதற்கும் இரண்டே இரண்டு பதிவுகள். இரண்டும் மனைவியைக் கோயிலுக்குக் கூட்டிப் போனவை.

இவருக்கு நாள் முழுவதையும் நிரப்பத் தேவையில்லை. மாட்டுக்கு ஒரு முளை போதும், வயல் முழுக்க வேலி வேண்டியதில்லை. முளையாக நிற்கும் அலுவலுக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், நாளும் நேரமும் மாறாதிருக்க வேண்டும், போகாவிட்டால் இன்னொருவர் காத்திருந்து ஏமாற வேண்டும். தனியாக நடப்பது நல்லதுதான், ஆனால் முளை ஆகாது. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் போய் வாசிப்பதும் அப்படியே. ஆனால் அங்கே ஒவ்வொரு புதன்கிழமையும் காலை 10 மணிக்கு ஒரு நண்பர் உங்களுக்காக வந்து நிற்பாரானால் அது முளைதான்.

இவர் இரண்டு முளைகளை இப்படி அடிக்கலாம். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் 3.30 முதல் 5 வரை, அதே கட்டடத்தில் சாதாரண தரம் எடுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு வணிகக் கல்வியும் கணக்கீடும். திங்கட்கிழமை காலை 10 முதல் 11.30 வரை, பார்வை மங்கிப்போன பழைய ஆசிரியர் ஒருவரின் வீட்டில் பேப்பர் வாசித்துக் காட்டுவது. மொத்தம் கிழமைக்கு நாலரை மணித்தியாலம். பழைய வேலையோடு பார்த்தால் பத்தில் ஒன்று.

இந்த நேரங்களைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. திங்கட்கிழமை காலை பத்து மணி பலருக்கு வெறுமை கூடிய நேரம். 3.30க்கு முகம் கழுவிச் சட்டை மாற்றிப் போக வேண்டுமென்றால் இரண்டு மணித்தியாலப் பகல் நித்திரைக்கு இடமில்லை. அது குறைந்தால் இரவு பத்து மணிக்கே கண் சுழற்றும். படிப்பிக்கப் போக முன்னர் பாடத்தைப் பார்க்க வேண்டும், அதற்குச் செவ்வாய் காலையில் ஒரு மணித்தியாலம் தானாகவே ஒதுங்கும். கயிறு இப்படித்தான் நீளும்.

பிழைத்துப்போகும் விதங்களும் தெரிந்தவைதான். முதல் கிழமையிலேயே ஐந்து முளை அடிப்பது ஒன்று. ஆறு கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்துங்கள். இன்னொன்று, எல்லாவற்றையும் பின்னேரத்து நடையில் தொங்கவிடுவது. கொழும்பில் ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் இடிமழை பெரும்பாலும் பின்னேரங்களில்தான் கொட்டும். மெரின் டிரைவ் நடை இரண்டு கிழமை தடைப்பட்டால் பிறகு தொடங்குவது கடினம். நடையை விடிய ஆறு மணிக்கு மாற்றிவிட்டால் வெயிலும் இல்லை, மழைக்கும் பெரும்பாலும் தப்பலாம். சனி, ஞாயிறை வெறுமையாக விடுங்கள். கிழமை நாட்களில் ஏதாவது இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஞாயிற்றுக்கிழமையாக ருசிக்கும். ஆறு கிழமைக்குப் பிறகு இன்னொரு முறை கொப்பி எழுதி மூன்றாம் நிரலை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

கோயில் பரிபாலன சபையில பொருளாளரா வரச்சொல்லிக் கேக்கினம். அது முளை ஆகாதோ?

ஆகும். ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். புதிதாக இளைப்பாறியவர் சபைக்குள் போகும்போது கந்தோரையும் கூடவே கொண்டு போவார்: கோப்பு முறை, கூட்டக் குறிப்பு, கையொப்பம் இல்லாமல் காசு இல்லை என்ற விதி. விதி சரியாகவே இருக்கலாம். ஆனால் அங்கே உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் யாருமில்லை. எல்லோரும் நேரத்தையும் காசையும் தானமாகக் கொடுப்பவர்கள். திருவிழாக் கணக்கில் முதல் சண்டை வரும், பிறகு அந்தக் கோயிலுக்கே போகாமல் விட்டவர்கள் உண்டு. அப்படி ஆனால் முளையும் போய், சாமி கும்பிடும் இடமும் போய்விடும்.

முடிவுள்ள ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். ‘மூன்று மாதத்துக்கு, சனிக்கிழமை காலையில், பற்றுச்சீட்டுகளைக் கொப்பியில் பதிந்து தருகிறேன்’ என்று. காசோலையில் கையொப்பமிடும் பொறுப்பு மட்டும் கூடாது. பள்ளிவாசல் சபைக்கும் தேவாலயக் குழுவுக்கும் இதே புத்தி பொருந்தும்.

கலியாண வீட்டில ‘இப்ப என்ன செய்யிறீங்கள்?’ எண்டு கேட்டா நாக்கு ஒட்டிப்போகுது. ‘சும்மா இருக்கிறன்’ எண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு.

நம் சைவ மரபில் சும்மா இருப்பது லேசில் கைகூடாத ஒரு சாதனை. கலியாண வீட்டில் அதே சொல்லுக்குப் பெறுமதி இல்லை, அது யாருடைய பிழையென்று தெரியவில்லை.

பெயர் தெரியாதவர்களும் ‘சேர்’ என்று அழைத்த காலத்தில் உங்களை அறிமுகப்படுத்தும் வேலையைப் பதவியே செய்தது. இப்போது அதை நீங்கள் செய்ய வேண்டும். மறுமொழியில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘இன்ன இடத்தில மனேஜரா இருந்தனான்’ என்பது முடிந்த கதை. கேட்பவருக்கு அடுத்த கேள்வி எழாது, ‘ஓ, நல்லது’ என்று கதை நின்றுவிடும். ‘ரெண்டு பிள்ளையளுக்குக் கணக்கீடு சொல்லிக் குடுக்கிறன்’ என்றால் நிகழ்காலம். யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம், எப்போது சோதனை என்று கதை வளரும். வேலை சிறியதா பெரியதா என்பதைவிட அது இப்போது நடப்பதுதான் முக்கியம். பழைய பதவியை மறைக்கவும் வேண்டாம், அது இரண்டாவது வசனமாக வரட்டும்.

உள்ளுக்குள் இருக்கும் கேள்வி வேறு. பதவியோடு போனது எது, உங்களோடு வந்தது எது என்பதை ஒரு தாளில் இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். கையொப்ப அதிகாரம், கார், அறை, உங்களுக்குக் கீழ் இருந்த பன்னிரண்டு பேர், இவை கதிரையோடு போனவை. ஐந்தொகையைப் பார்த்தவுடன் எங்கே பிழை என்று கண்ணுக்குப் படுவது, கோபக்காரரை அமர்த்திக் கதைப்பது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதுவது, இவை உங்களோடு வந்தவை. முளை தேடும்போது இரண்டாவது பக்கத்திலிருந்து தேடுங்கள். முதலாவது பக்கத்தை வேறெங்காவது திரும்பப் பிடிக்க ஓடுபவர்கள்தான் ஒரே வருடத்தில் மூன்று சங்கங்களில் தலைவராகி மூன்றிலும் மனம் கசந்து வெளியே வருகிறார்கள்.

பழைய கந்தோருக்கு இடைக்கிடை போய் வரலாமோ?

ஒருமுறை போங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரு காரணத்தோடு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். உங்கள் கதிரையில் இருப்பவரிடம் அந்தக் கோப்பு என்னவாயிற்று என்று கேட்காதீர்கள். இரண்டாம் முறை போகும்போது தேத்தண்ணி வரும், ஆனால் அவர்கள் கண் கணினியில் இருக்கும். நட்பாக இருந்தவர்களை வெளியில் சந்தியுங்கள். யார் நண்பர், யார் சக ஊழியர் என்பது அப்போது தெரிந்துவிடும்.

நான் மனைவி கேக்கிறன். இவர் வீட்டில இருக்கத் தொடங்கினதில இருந்து குசினியில எல்லாத்துக்கும் புத்தி சொல்லுறார். பருப்பு டப்பாவுக்குப் பேர் ஒட்டுறார். என்னாலை ஏலாது.

வீடு முப்பது வருடமாக உங்கள் கந்தோர். அங்கே நேர்முகத் தேர்வில்லாமல் ஒரு புது அதிகாரி வந்திருக்கிறார்.

சண்டை பெரும்பாலும் டப்பாவில் தொடங்குவதில்லை, மத்தியானச் சோற்றில்தான் தொடங்குகிறது. அவர் வேலைக்குப் போன காலத்தில் கிழமை நாட்களில் நீங்கள் காலையில் சமைத்ததை உங்களுக்கு வசதியான நேரத்தில், நின்றபடியே கூடச் சாப்பிட்டிருப்பீர்கள். இப்போது 12.30க்குச் சுடச்சுட ஒரு சாப்பாடு, கிழமைக்கு ஐந்து முறை, கூடுதலாக. யாரும் கேட்டு ஒத்துக்கொள்ளாமலே அந்த வேலை உங்கள் தலையில் ஏறியிருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள்: இந்த இரண்டு நாள் அவர் சமைப்பார் அல்லது கடையில் எடுப்பார், மற்ற நாட்களில் பகல் சோறு எளிமையாக இருக்கும்.

அடுத்தது, ‘கொஞ்சம் உதவி செய்யுங்கோ’ என்று சொல்லாதீர்கள். உதவி என்றால் மேற்பார்வையும் கூடவே வரும். ஒரு வேலையை அடியிலிருந்து நுனி வரை அவரிடம் விடுங்கள். மரக்கறியும் மீனும் என்றால், என்ன முடிந்திருக்கிறது என்று பார்ப்பது, சந்தைக்குப் போவது, விலை பார்ப்பது, மீனைத் துப்புரவாக்கி வைப்பது எல்லாம் அவருடையது. முதல் மாதம் அறக்குளாவுக்கு அதிக விலை கொடுத்துவிட்டு வருவார். ஒன்றும் சொல்லாமல் விடுங்கள். அதேபோல் உங்களுக்கும் வீட்டில் தனியாக இருக்கும் நேரம் வேண்டும். கிழமையில் மூன்று காலைகள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவர் வெளியே இருப்பது இருவருக்கும் மருந்து.

நான் 60 வயதில இளைப்பாறின ஆசிரியை. எனக்கு வெறுமை ஒண்டும் இல்லை, வேலை கூடினதுதான் மிச்சம். பேரப்பிள்ளை முழுநாளும் என்னட்டைத்தான்.

உங்களிடமிருந்து போனது வேறொன்று. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பாடம் முடியும். பேரப்பிள்ளைக்கு மணி இல்லை. சம்பளமும், ஆசிரியர் அறையில் சிரித்துக் கதைத்த பத்து நிமிடங்களும் போய், வேலை மட்டும் எல்லையில்லாமல் நிற்கிறது.

எல்லையை நேரமாகப் பேசுங்கள். ‘களைப்பாக இருக்கிறது’ என்றால் மகள் வருந்துவாள், ஒன்றும் மாறாது. ‘திங்கள் முதல் வியாழன் வரை, காலை 8 முதல் பின்னேரம் 2 வரை, வெள்ளிக்கிழமை நான் இல்லை’ என்றால் அவள் வேறு ஒழுங்கு தேடுவாள். இளைப்பாறுவதற்கு ஆறு மாதம் முன்னரே இதைச் சொல்லிவிடுவது சிறந்தது. ஏற்கெனவே தொடங்கியிருந்தால், பள்ளிக்கூடத் தவணை மாறும் சமயம் பேசுவதற்குத் தோதானது. வெள்ளிக்கிழமையை வீட்டு அலுவலுக்குச் செலவழித்துவிடாதீர்கள். அன்று காத்திருக்கும் ஒரு பழைய ஆசிரியத் தோழியை ஏற்பாடு செய்யுங்கள்.

விடிய மூண்டு மணிக்கு முழிப்பு வருது. டொக்டரிட்டைப் போகவேணுமோ?

முதலில் பகல் நித்திரையைப் பாருங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேலும், மூன்று மணிக்குப் பிறகும் படுத்தால் இரவு நித்திரை கெடும். எழும்பும் நேரத்தை வேலைக்காலத்தில் இருந்ததிலிருந்து அதிகம் தள்ளாதீர்கள். மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: பிரஷர் மாத்திரையை ‘கந்தோருக்கு வெளிக்கிடும்போது’ போட்டுப் பழகியவர் வெளிக்கிடாத நாளில் மறந்துவிடுவார். அதைக் காலைத் தேத்தண்ணியோடு கட்டிவிடுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருந்தால், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனால், சாப்பாடும் நிறையும் குறைந்தால், மாலையில் ஒரு கிளாஸ் மூன்றாகியிருந்தால், அது சலிப்பு அல்ல. வைத்தியரைக் காணுங்கள். தைரொயிட், இரத்தச்சோகை, சீனி என்று உடம்புக் காரணங்களையும் அவர் பார்ப்பார். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

மகன் கனடாவுக்கு வந்து ஆறு மாசம் நிக்கச் சொல்லுறான். இஞ்ச இப்பதான் எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. போனா எல்லாம் குழம்புமோ?

குழம்பும். ஆனால் போகாமல் விடுவதற்கு அது காரணமல்ல. அங்கே உங்களை எதிர்பார்ப்பவர் மகன் ஒருவர்தான், அவரும் பகலில் வேலைக்குப் போய்விடுவார். குளிர்காலத்தில் கதவைத் திறந்து தனியாக நடக்கவும் தயக்கமாக இருக்கும். முதல் தடவை மூன்று மாதத்துக்கு, கோடைக்காலமாகப் பார்த்துப் போங்கள்.

முளைகளைப் பிடுங்காமல் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொருவரை ஒழுங்குசெய்து, திரும்பும் திகதியைச் சொல்லி வையுங்கள். பேப்பர் வாசிப்பதைப் போனில் தொடரலாம். ரொறன்ரோ கோடையில் கொழும்புக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. கொழும்பில் திங்கள் காலை பத்து மணி என்றால் அங்கே ஜூலையில் ஞாயிறு இரவு பன்னிரண்டரை, அது சரிவராது. ஆசிரியரிடம் கேட்டு வாசிப்பைக் கொழும்பு நேரம் காலை 6.30க்கு மாற்றினால், அங்கே இரவு ஒன்பது மணி. பேப்பர் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் கிடைக்கும். எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்க ஒரு டப்லெட்டை மகனிடம் முதலே கேட்டு வையுங்கள்.